லாரி வாடகை தனி, வரி தனி, கடனுக்குச் சரக்கு: ஒரு குழாயின் அடக்கம் எவ்வளவு?

காங்கேயம் குழாய்க்கடை, 17 நவம்பர் 2024, இரவு 10:40

எங்கள் கடையில் ஒரே குழாய்க்கு இப்போது மூன்று அடக்க விலை ஓடிக்கொண்டிருக்கிறது. எது சரி என்று யாராவது சொல்லுங்கள்.

அக்டோபர் 8ஆம் தேதி கோயம்புத்தூரிலிருந்து 400 பி.வி.சி. குழாய் இறங்கியது. 45 நாள் கடன். பில்லில் சரக்கு 2,00,000, அதற்குக் கீழே லாரி வாடகை 6,000, அதற்கும் கீழே சி.ஜி.எஸ்.டி. 18,540, எஸ்.ஜி.எஸ்.டி. 18,540. மொத்தம் 2,43,080.

மாமனார் பில்லின் கடைசித் தொகையை எண்ணிக்கையால் வகுப்பார். 607 ரூபாய் 70 காசு. அதை 608 என்று சிலேட்டில் எழுதி மாட்டிவிடுவார். ஆடிட்டர் ஆபீஸ் பையன் வாடகையைச் செலவுக் கணக்கில் போட்டு, குழாய் 500 என்று ஏற்றியிருக்கிறான். நான் மனதில் 515 என்று வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் எனக்கே விளக்கத் தெரியவில்லை.

போன வாரம் வெள்ளகோவிலிலிருந்து ஒரு தோட்டத்துக்காரர் வந்தார். 60 குழாய் வேண்டும், பக்கத்துக் கடையில் 590க்கு வரி தனியாகத் தருகிறார்கள், நீங்களும் தருகிறீர்களா என்றார். சிலேட்டைப் பார்த்தேன், 608. நஷ்டத்துக்கு விற்க முடியாதுங்க என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

திருப்பூர் நூல், 17 நவம்பர், 11:15

500 தான். வாடகை செலவுதானே? செலவில் எழுதினால் இந்த வருடமே லாபத்தில் கழிந்துவிடும். சரக்கில் ஏற்றினாலும் விற்கும்போது கழியும். கடைசியில் நிகர லாபம் ஒன்றுதான். எதற்கு இந்தத் தலைவலி? நாங்கள் நூல் மூட்டைக்கு எப்போதும் அப்படித்தான் எழுதுகிறோம்.

காங்கேயம் குழாய்க்கடை, 17 நவம்பர், 11:22

500 என்று வைத்து 510க்கு விற்றால் பத்து ரூபாய் லாபம் என்று நினைப்பேன் அல்லவா? வாடகை 15 ரூபாய் எங்கே போனது?

திருப்பூர் நூல், 17 நவம்பர், 11:24

510க்கு யார் விற்கச் சொன்னது?

பேரேடு ஈரோடு, 18 நவம்பர், காலை 6:05

மனதில் இருக்கும் 515 சரி. மற்ற இரண்டும் ஆளுக்கொரு பக்கம் தவறு.

சரக்கைக் கடை வாசலுக்குக் கொண்டுவரும் வரை ஆகிற செலவெல்லாம் அடக்கத்தில் சேரும். கோயம்புத்தூர் கிடங்கில் கிடக்கிற குழாயை நீங்கள் விற்க முடியாது, காங்கேயத்தில் இருப்பதைத்தான் விற்க முடியும். அதனால் 6,000 சரக்கோடு சேர்கிறது. நீங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பும் டெம்போ வாடகை அப்படி இல்லை. அது விற்பனைச் செலவு. ஆபீஸ் பையன் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டிருப்பான்.

வரி 37,080 உங்கள் செலவே இல்லை. விற்கும்போது வாங்குகிற வரியில் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கட்டப் போகிறீர்கள். அரசிடம் இருக்கிற உங்கள் பணம் அது. குழாயின் மேல் ஏற்றக் கூடாது.

2,06,000 வகுத்தல் 400. ஆகவே 515.

பதிவு இப்படி:

கொள்முதல் பற்று 2,00,000
வரத்து லாரி வாடகை பற்று 6,000
இன்புட் சி.ஜி.எஸ்.டி. பற்று 18,540
இன்புட் எஸ்.ஜி.எஸ்.டி. பற்று 18,540
சப்ளையர் வரவு 2,43,080

வாடகையும் சப்ளையருக்கே வரவு. லாரிக்காரருக்கு நீங்கள் கடன்பட்டவர் இல்லை. அவரிடம் பேசி, பணம் கொடுத்து, உங்கள் பில்லில் ஏற்றியவர் சப்ளையர்தான். அதனால்தான் அந்த வாடகைக்கும் குழாயின் 18 சதவீதமே விழுந்திருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அது சரக்கு விலையில் ஒரு பகுதி. தனி வரிசையில் அச்சடித்தது உங்கள் பார்வைக்காக.

சிவகிரி மளிகை, 18 நவம்பர், 8:30

ஐயா சொல்வது புத்தகக் கணக்கு. நான் 20 வருடமாக முழு பில்லையும் வகுத்துத்தான் விலை போடுகிறேன், நஷ்டப்பட்டதே இல்லை. குழாய்க்கடை மாமனார் செய்வதுதான் சரி. வரி கையிலிருந்து போகிறதா இல்லையா? போகிறது. அப்புறம் எப்படிச் செலவு இல்லை என்கிறீர்கள்?

பேரேடு ஈரோடு, 18 நவம்பர், 8:52

நீங்கள் காம்போசிஷனா?

சிவகிரி மளிகை, 18 நவம்பர், 8:55

ஆமாங்க. விற்பனையில் ஒரு சதவீதம் வரி கட்டிவிடுகிறேன்.

பேரேடு ஈரோடு, 18 நவம்பர், 9:10

அப்படியானால் உங்களுக்கு 607.70 தான் சரி. நீங்கள் இன்புட் எடுக்க முடியாது. கொடுத்த வரி திரும்பி வராது, அதனால் அது சரக்கோடு சேர்கிறது. அவர் ரெகுலர். அவருக்குத் திரும்பி வருகிறது. கேள்வி அவருடையது.

காங்கேயம் குழாய்க்கடை, 18 நவம்பர், மதியம் 1:30

சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டேன். 590 வரி தனி என்றால் எனக்கு நிற்பது 590. அடக்கம் 515. ஒரு குழாய்க்கு 75. 60 குழாய்க்கு 4,500 ரூபாயை வாசல் வரை வந்தவரிடம் வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறேன்.

மாமனாரிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "நான் விலை சொல்லும்போதும் வரியோடுதான் சொல்வேன்" என்றார். யோசித்தால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் காலத்தில் அடக்கமும் வரியோடு, விற்பனை விலையும் வரியோடு. ஒப்பிடுவது ஒரே இனத்தை. நான்தான் வரி சேர்ந்த அடக்கத்தை வரி சேராத விலையோடு ஒப்பிட்டேன்.

பேரேடு ஈரோடு, 18 நவம்பர், 2:00

மாமனார் கெட்டிக்காரர். ஆனால் அவர் கணக்கிலும் கொஞ்சம் கசிவு உண்டு. 560 வரி தனி என்றால் வரியோடு 660.80. அதில் 607.70 கழித்தால் 53.10 லாபம் என்று அவருக்குத் தெரியும். உண்மையில் நிற்பது 45. மீதி 8.10 மாதக் கடைசியில் அரசுக்குப் போகிற வரி. குழாய்க்கு எட்டு ரூபாய் தள்ளுபடி கொடுத்தாலும் கட்டுபடியாகும் என்று நினைப்பார்.

காங்கேயம் குழாய்க்கடை, 18 நவம்பர், இரவு 9:45

டேலியில் திருத்தப் போனேன், புதுச் சிக்கல். ஐயா சொன்னபடி வாடகைக்குத் தனி லெட்ஜர் போட்டு ஏற்றினால் வரி 36,000 என்று காட்டுகிறது. பில்லில் 37,080. ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் 2பி பட்டியலிலும் 37,080. 20ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன் போட வேண்டும். எதை எடுப்பது?

கொடுமுடி ஹார்டுவேர், 18 நவம்பர், 10:20

தம்பி, வித்தியாசம் எவ்வளவு? 1,080. அதை 6,000-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 18 சதவீதம் வரும். வாடகைக்கு டேலி வரி போடவில்லை, அவ்வளவுதான். எனக்கு இதே கூத்து இரண்டு வருடம் முன்பு நடந்தது. 2பி-க்கும் புத்தகத்துக்கும் ஒவ்வொரு மாதமும் சின்னச் சின்ன வித்தியாசம் வரும். பைசா ரவுண்டிங் என்று விட்டுவிட்டேன். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எல்லாமே வாடகையின் 18 சதவீதம்.

வாடகை லெட்ஜரைத் திறந்து `Include in Assessable Value calculation` என்ற இடத்தில் GST, அதற்குக் கீழே `Appropriate to` என்பதில் Goods என்று கொடுங்கள். `Method of calculation` என்று ஒன்று கேட்கும். மதிப்பின்படி வேண்டுமா எண்ணிக்கைப்படி வேண்டுமா என்பது அது. உங்கள் பில்லில் ஒரே சாமான் என்பதால் எது கொடுத்தாலும் ஒன்றுதான். பல சாமான் இருந்தால் அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்.

காங்கேயம் குழாய்க்கடை, 18 நவம்பர், 10:41

37,080 வந்துவிட்டது! அக்காவுக்கு ஒரு கோயில் கட்டலாம்.

கொடுமுடி ஹார்டுவேர், 18 நவம்பர், 10:43

கோயில் ஊரில் நிறைய இருக்கிறது. பாக்கிப் பணத்தைச் சப்ளையருக்குக் காலத்தில் கொடுங்கள், போதும்.

திருப்பூர் நூல், 20 நவம்பர், மாலை 5:10

நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. செலவில் எழுதினாலும் சரக்கில் ஏற்றினாலும் லாபம் ஒன்றுதானே?

பேரேடு ஈரோடு, 20 நவம்பர், 7:30

மார்ச் 31க்குள் கடைசிக் குழாய் வரை விற்றுத் தீர்ந்தால் ஒன்றுதான். உங்கள் நூல் பத்து நாளில் தறிக்குப் போய்விடும், அதனால் உங்களுக்கு உறைக்கவில்லை. குழாய் அப்படியில்லை. மழை பெய்தால் போர்வெல் போடுகிறவர்கள் குறைவார்கள், சரக்கு கிடக்கும்.

300 குழாய் 560க்கு விற்று 100 மிஞ்சியது என்று வைப்போம். விற்பனை 1,68,000. அடக்கம் 515 என்றால் விற்ற குழாய்க்கு 1,54,500. லாபம் 13,500, இருப்பு 51,500. நீங்கள் சொல்கிறபடி 500 என்று வைத்து முழு வாடகையையும் செலவில் எழுதினால் லாபம் 12,000, இருப்பு 50,000. விற்காத 100 குழாயின் வாடகை 1,500 இந்த வருடத்தில் விழுந்துவிடுகிறது. கொள்முதலை வரியில்லாமல் எழுதிவிட்டு, இருப்பை மட்டும் சிலேட்டைப் பார்த்து 607.70 என்று மதிப்பிட்டால் லாபம் 22,770. இல்லாத 9,270 ரூபாய்க்கு வருமான வரி கட்டுவீர்கள். இந்த மூன்றாவது தப்பைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வருடம் முழுக்க டேலியில் சரியாக எழுதுவார்கள். மார்ச் 31 இரவு சரக்கை எண்ணி, கையில் கிடைத்த கடைசி பில்லின் மொத்தத்தை வைத்து விலை போடுவார்கள்.

திருப்பூர் நூல், 20 நவம்பர், 8:02

இருங்கள். வருமான வரிச் சட்டத்தில் 145ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. இருப்பை வரியோடு சேர்த்து மதிப்பிட வேண்டும் என்று எங்கள் ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் 607.70 தானே?

பேரேடு ஈரோடு, 20 நவம்பர், 8:40

பாதி சொல்லியிருக்கிறார், அல்லது நீங்கள் பாதி கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிரிவு இருப்புக்கு மட்டும் இல்லை. வாங்கியது, விற்றது, இருப்பு எல்லாவற்றிலும் வரியைச் சேர்க்கச் சொல்கிறது. எல்லாப் பக்கமும் சேர்த்து, கட்டிய வரியையும் எடுத்த இன்புட்டையும் கணக்கில் கொண்டால் லாபம் மாறாது. அதை ஆடிட்டர் தன் அறிக்கையில் காட்டிக்கொள்வார். கடைப் புத்தகம் 515 என்றே இருக்கட்டும். இருப்பில் மட்டும் வரியைச் சேர்த்தால் நேற்று சொன்ன 9,270 தான்.

பேரேடு ஈரோடு, 20 நவம்பர், 8:41

நேற்று இல்லை, ஒரு மணி நேரம் முன்பு. வயதாகிறது.

காங்கேயம் குழாய்க்கடை, 9 டிசம்பர் 2024, இரவு 10:15

அடுத்த லோடு வந்தது. அதே 400, அதே விலை. இந்த முறை பில்லில் வாடகை இல்லை. "டு பே" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். லாரி ஆபீஸில் 6,000 நானே கொடுத்தேன். அந்த ரசீதில் வரி எதுவும் இல்லை. நல்லதாகப் போயிற்று, ஒரு வரி மிச்சம். 6,000 மட்டும் எழுதிவிட்டேன்.

சங்ககிரி லாரி, 9 டிசம்பர், 10:50

தம்பி, அந்த ரசீதைத் திருப்பிப் பாருங்கள். எங்காவது சின்ன எழுத்தில் ஜி.எஸ்.டி. செலுத்த வேண்டியவர் என்று ஒரு கட்டம் இருக்கும். அனுப்புபவர், பெறுபவர், டிரான்ஸ்போர்ட் என்று மூன்று பேர். எதில் டிக் இருக்கிறது?

காங்கேயம் குழாய்க்கடை, 9 டிசம்பர், 10:58

பெறுபவர். ஐயோ, அது நான்தானே?

சங்ககிரி லாரி, 9 டிசம்பர், 11:05

நீங்களேதான். லாரி வாடகை என்றாலே 5 சதவீதம், கொடுக்கிறவர் கட்ட வேண்டும். 300 ரூபாய். எங்களுக்கு வேண்டாம், அரசுக்குக் கட்டுங்கள். பயப்பட வேண்டாம், திரும்பக் கிடைக்கும்.

பேரேடு ஈரோடு, 10 டிசம்பர், காலை 6:00

லாரிக்காரர் சொன்னது இந்த ரசீதுக்குச் சரி. "லாரி வாடகை என்றாலே" என்பது மட்டும் சரியில்லை. எல்.ஆர். என்கிற சரக்குச் சீட்டுப் போட்டு, சரக்குக்குப் பொறுப்பேற்று அனுப்புகிற புக்கிங் ஆபீஸ் என்றால்தான் இந்த விதி. ஸ்டாண்டில் நிற்கிற டெம்போவை நீங்களே பேசி, எல்.ஆர். எதுவும் இல்லாமல் ஏற்றி வந்தால் அந்த வாடகைக்கு வரியே கிடையாது. அங்கே இன்புட்டும் இல்லை. புக்கிங் ஆபீஸே வரியைப் பில்லில் வசூலித்துத் தானே கட்டுகிற முறையைத் தேர்ந்திருந்தால் அதுவும் வேறு கதை. ரசீதைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் 150 சி.ஜி.எஸ்.டி., 150 எஸ்.ஜி.எஸ்.டி. டிசம்பர் 3பி-யில் ரிவர்ஸ் சார்ஜ் கட்டத்தில் 6,000 மதிப்பைக் காட்டி 300 கட்டுங்கள். அதே படிவத்தில் 300 இன்புட்டும் எடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: உங்கள் இன்புட் இருப்பில் லட்சம் கிடந்தாலும் இந்த 300 அதிலிருந்து போகாது. சலான் போட்டுப் பணமாகத்தான் கட்ட வேண்டும்.

அடக்கம் மறுபடியும் 515. 6,000 சரக்கோடு, 300 இன்புட்டில்.

சிவகிரி மளிகை, 10 டிசம்பர், 7:20

கட்டுவதும் நாமே, எடுப்பதும் நாமே. இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவதற்கு ஒரு சட்டம்.

பேரேடு ஈரோடு, 10 டிசம்பர், 7:31

உங்களுக்கு வலது பை கிடையாது. காம்போசிஷன்காரரும் ரிவர்ஸ் சார்ஜ் கட்ட வேண்டும், ஆனால் திரும்ப எடுக்க முடியாது. பருப்பு மூட்டைக்கு டு பே வாடகை கொடுக்கிறீர்களா?

சிவகிரி மளிகை, 10 டிசம்பர், 7:33

கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன்.

கொடுமுடி ஹார்டுவேர், 12 டிசம்பர், மாலை 4:00

பல சாமான் இருந்தால் சண்டை என்று சொன்னேன் அல்லவா, அதைக் கேட்டுவிடுகிறேன். போன மாதம் எனக்கு ஒரே லாரியில் குழாய் 1,60,000க்கும் எல்போ, டீ, கப்ளிங் எல்லாம் சேர்த்து 40,000க்கும் வந்தது. வாடகை 6,000. டேலி மதிப்பின்படி பிரித்துக் குழாய்க்கு 4,800, ஃபிட்டிங்ஸுக்கு 1,200 போடுகிறது. ஆனால் ஃபிட்டிங்ஸ் வந்தது நாலு அட்டைப் பெட்டி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தே கொண்டுவந்துவிட்டார். லாரியை அடைத்தது குழாய். எல்போவுக்கு எதற்கு 1,200?

எண்ணிக்கைப்படி என்றால் இன்னும் மோசம். எல்போ ஆயிரக்கணக்கில் இருக்கும், வாடகை முழுக்க அதன் தலையில் விழும். நான் 6,000 மொத்தமும் குழாய்க்கே ஏற்றிவிட்டேன்.

பேரேடு ஈரோடு, 12 டிசம்பர், 8:15

மதிப்பின்படி பிரிப்பது எல்லோரும் செய்வது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நீங்கள் செய்தது உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் ஒவ்வொரு லோடுக்கும் ஒரு முறை என்று மாற்றாதீர்கள்.

கொடுமுடி ஹார்டுவேர், 12 டிசம்பர், 8:30

ஃபிட்டிங்ஸ் மட்டும் தனி லாரியில் வந்தால்?

பேரேடு ஈரோடு, 12 டிசம்பர், 8:34

அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சங்ககிரி லாரி, 12 டிசம்பர், 9:00

டன் கணக்கில் பிரியுங்கள் அக்கா. நாங்கள் வாடகை பேசுவதே டன்னுக்கு.

கொடுமுடி ஹார்டுவேர், 12 டிசம்பர், 9:06

குழாய்க்கு நீங்கள் டன் பார்த்ததில்லையே அண்ணா, "இடம் அடைக்குது" என்றுதானே கூடக் கேட்பீர்கள்.

காங்கேயம் குழாய்க்கடை, 16 மார்ச் 2025, இரவு 11:00

ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். முதல் லோடில் 400 என்று எழுதினேன். இறக்கும்போதே 12 குழாய் வாய் விரிந்திருந்தது. அப்போதே சப்ளையருக்குப் போன் செய்தேன், கழித்துக்கொள்ளச் சொன்னார். நவம்பரில் 7,080 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 2,36,000 அனுப்பினேன். கணக்கு முடிந்தது என்று நினைத்துவிட்டேன். இன்று பாக்கிப் பட்டியலை எடுத்தால் அவர் பேரில் 7,080 நின்றுகொண்டே இருக்கிறது. ஐயா போட்ட 300, 100 கணக்கும் இதனால் கொஞ்சம் தப்பு, மன்னிக்கவும்.

பேரேடு ஈரோடு, 17 மார்ச், காலை 5:50

போனில் சொன்னது கணக்கு ஆகாது. கிரெடிட் நோட் வந்ததா?

காங்கேயம் குழாய்க்கடை, 17 மார்ச், 7:10

இல்லை.

பேரேடு ஈரோடு, 17 மார்ச், 7:40

அப்படியானால் ஏப்ரல் 6ஐக் குறித்து வையுங்கள். பில் தேதியிலிருந்து 180 நாள் அன்றோடு முடிகிறது. அதற்குள் சப்ளையருக்குக் கொடுக்காத தொகை எவ்வளவோ, அந்த அளவுக்கு எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டும். 7,080 பாக்கி என்றால் அதற்குள் இருக்கும் வரி 1,080. பிறகு பணம் கொடுத்தால் அந்த 1,080 திரும்பக் கிடைக்கும். ஆனால் நீங்கள் கொடுக்கப் போவதில்லை, உடைந்த குழாய்க்கு எதற்குக் கொடுப்பது? ஆகவே கிரெடிட் நோட்டை வாங்குங்கள். அவர் 6,000-க்கும் 1,080 வரிக்கும் போட்டால் அவர் பக்கம் வரி குறையும், உங்கள் பக்கம் இன்புட் குறையும், பாக்கியும் அழியும்.

அந்த 12 குழாயும் எங்கே?

காங்கேயம் குழாய்க்கடை, 17 மார்ச், 7:52

கொல்லையில் பந்தல் போட்டிருக்கிறோம். அவரைக்காய் ஏறியிருக்கிறது.

பேரேடு ஈரோடு, 17 மார்ச், 8:05

அவர் திரும்பக் கேட்டால் அவரைக்காயோடு அனுப்புங்கள். விளையாட்டு இருக்கட்டும், இதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. சப்ளையர் கழித்துக்கொடுக்காமல், நீங்களே உடைந்தது என்று புத்தகத்தில் தள்ளுபடி செய்தால் அந்தக் குழாய்களின் இன்புட்டைத் திருப்பியாக வேண்டும். கெட்டுப்போனது, தொலைந்தது, தள்ளுபடி செய்தது எதற்கும் இன்புட் இல்லை. எந்த வழியில் போனாலும் 1,080 உங்களுடையது இல்லை. கிரெடிட் நோட் வழியில் போனால் 6,000-மாவது மிஞ்சும்.

திருப்பூர் நூல், 17 மார்ச், 9:30

180 நாள் தாண்டினால் 18 சதவீத வட்டியும் உண்டு. எங்களுக்குப் போட்டார்கள்.

பேரேடு ஈரோடு, 17 மார்ச், 9:48

வட்டி உண்டு. எடுத்த இன்புட்டைச் செலவழிக்காமல் லெட்ஜரில் அப்படியே வைத்திருந்தால் வட்டி வராது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். 1,080-க்காக அந்த வாதத்தில் இறங்க வேண்டாம்.

காங்கேயம் குழாய்க்கடை, 28 மார்ச் 2025, இரவு 9:20

நாலு தடவை போன் செய்து, ஐந்தாவது தடவை நேரில் போய் உட்கார்ந்து கிரெடிட் நோட் வாங்கிவிட்டேன். 6,000, வரி 1,080. பாக்கி பூஜ்யம்.

இப்போது ஒரு சந்தேகம். குழாய் விலையைத்தான் கழித்தார், அந்த 12 குழாயின் வாடகையைக் கழிக்கவில்லை. லாரி வந்தது வந்ததுதான் என்கிறார். குழாய்க்கு 15 வீதம் 180 ரூபாய். இதை எங்கே போடுவது?

கொடுமுடி ஹார்டுவேர், 28 மார்ச், 9:50

நல்ல குழாய் 388. மொத்தம் 2,06,000-இல் 6,000 போனால் 2,00,000. வகுத்தால் 515.46. 46 காசு ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடுக்கு நாலைந்து உடைவது எங்கள் தொழிலில் சகஜம், நல்ல குழாய் அதைச் சுமக்கட்டும்.

பேரேடு ஈரோடு, 29 மார்ச், காலை 6:10

சகஜமான உடைசலுக்கு அக்கா சொன்னதுதான். 400-இல் 12 சகஜமா என்பது உங்கள் அனுபவத்தைப் பொறுத்தது. வழக்கத்துக்கு மீறியது என்றால் 180ஐ நஷ்டத்தில் எழுதி, அடக்கத்தை 515 என்றே விடுங்கள்.

திருப்பூர் நூல், 29 மார்ச், 7:00

அந்த 180-இன் வரி 32 ரூபாய் 40 காசு? அந்தக் குழாய்தான் விற்பனைக்கே வரவில்லையே, அதன் வாடகைக்கு எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டாமா?

கொடுமுடி ஹார்டுவேர், 29 மார்ச், 7:04

வந்துவிட்டார்.

பேரேடு ஈரோடு, 29 மார்ச், 7:25

கேள்வி நியாயமானதுதான். வாடகைக்குத் தனியாகப் பார்க்காமல் லோடு முழுக்க வந்த செலவு என்று எடுத்துக்கொண்டு நான் விட்டுவிடுவேன். கறாராகப் பார்க்கிறவர் திருப்பச் சொல்லலாம். 32 ரூபாய்க்கு நான் இதுவரை யாரோடும் சண்டை போட்டதில்லை.

சிவகிரி மளிகை, 6 ஜூன் 2025, இரவு 10:30

பழைய இழையைக் கிளறுகிறேன், கோபிக்காதீர்கள். வியாபாரம் ஒன்றரைக் கோடியை நெருங்குகிறது, காம்போசிஷனிலிருந்து வெளியே வர வேண்டும் என்கிறார்கள். ரெகுலருக்கு மாறினால் கடையில் இருக்கிற சரக்கின் வரியை எடுத்துக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பேரேடு ஈரோடு, 7 ஜூன், காலை 5:55

உண்மை. மாறுகிற நாளுக்கு முந்தின நாள் கையிருப்பில் இருக்கும் சரக்கு, பில் தேதியிலிருந்து ஒரு வருடம் தாண்டாததாக இருக்க வேண்டும். ஐ.டி.சி.-01 படிவத்தை 30 நாளுக்குள் போட வேண்டும். தொகை இரண்டு லட்சம் தாண்டினால் ஆடிட்டர் சான்றிதழும் கேட்பார்கள். பில் வாரியாக வரி எவ்வளவு என்று கொடுக்க வேண்டும். உங்கள் புத்தகத்தில் எப்படி இருக்கிறது?

சிவகிரி மளிகை, 7 ஜூன், 6:20

முழுத் தொகை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். வரி, வாடகை எதையும் பிரிக்கவில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே.

பேரேடு ஈரோடு, 7 ஜூன், 6:24

பில்லாவது இருக்கிறதா?

சிவகிரி மளிகை, 7 ஜூன், 6:31

கிடங்கில் நாலு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். முதல் சாக்கை இப்போது அவிழ்த்துவிட்டேன். எலி கொஞ்சம் தின்றிருக்கிறது.

காங்கேயம் குழாய்க்கடை, 7 ஜூன், 6:45

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் அண்ணா. சாக்குக்கு ஒரு டீ.